விளம்பரச் சோதனையை நடுவில் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்?

பழைய விளம்பரம் பாதிப் பேருக்கு, புதியது மீதிப் பேருக்கு. இரண்டுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வையுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை பார்த்து, 5% அளவுகோலில் தீர்ப்புச் சொன்னால், பொய் வெற்றி வரும் வாய்ப்பு 5% தான். சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, வெற்றி தெரிந்த கணமே நிறுத்தினால் அது சுமார் 14% ஆகிவிடும். ஏன்? எண்கள் தற்செயலாக ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு பார்வையும் அந்த ஏற்றத்தில் சிக்க இன்னொரு வாய்ப்பு.

அதற்காகப் பார்க்கவே கூடாது என்பதில்லை. பார்வைகளை முன்பே திட்டமிட்டு, வரம்பைக் கடுமையாக்கினால் போதும். போகாக் முறையில் ஐந்து பார்வைகள் என்றால், ஏதாவது ஒரு பார்வையில் p மதிப்பு 0.0158-க்குக் கீழே இருந்தால் மட்டுமே அங்கே நிறுத்தலாம். மொத்தப் பிழை 5%-ஐத் தாண்டாது.

வேகம் வேண்டுமா? இரைச்சலைக் குறையுங்கள். 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கியூபெட் முறை, உதாரணமாக, ஒவ்வொருவரும் சோதனைக்கு முன் செலவழித்த தொகையைக் கொண்டு இப்போதைய தொகையைச் சரிக்கட்டுகிறது. இரண்டுக்கும் ஒட்டுறவு 0.7 என்றால் மாறுபாடு 1 − 0.49, அதாவது 0.51 மடங்காகச் சுருங்கும்; ஏறக்குறைய பாதிப் பேரே போதும். முதல்முறை வருபவர்களுக்கு முன்தரவு இல்லாததால் பலன் குறைவு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை: விளம்பரம் காட்டிய பிறகு வந்த கிளிக்குகளை வைத்துச் சரிக்கட்டக் கூடாது. விளம்பரத்தின் விளைவே கழிந்துபோய்விடும்.