வடித்த சோறும் வடித்த கஞ்சியும்

சில வாரங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு தாயார் தம் பத்து மாதக் குழந்தையுடன் வந்திருந்தார். அரிசியில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் இருப்பதாகக் கேள்விப்பட்ட அவர், அன்று முதல் குக்கரை ஒதுக்கிவிட்டு, நிறைய நீரில் சோறு வடிக்கத் தொடங்கியிருந்தார். அதுவரை சரிதான். ஆனால், வடித்த கஞ்சியைச் சத்து மிகுந்தது என்று கருதிக் குழந்தைக்கு நாள்தோறும் ஊட்டி வந்தார். சோற்றிலிருந்து அவர் நீக்க எண்ணிய பொருள் அந்தக் கஞ்சிக்குள்தான் இறங்கியிருந்தது.

ஆர்சனிக் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இயற்கையாகவே காணப்படுவது. வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று குறைகிறது. அப்போது, இரும்புச் சேர்மங்களோடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் கரைந்து விடுபடுகிறது. நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியாக அது வேருக்குள் நுழைந்துவிடுகிறது. நீர் தேங்காத நிலத்தில் விளையும் கோதுமையைவிட அரிசியில் அது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே. தவிட்டுப் பகுதியில் அது மிகுதி என்பதால், தீட்டாத அரிசியில் இன்னும் சற்று அதிகம். நிறம், மணம், சுவை எதனாலும் இதைக் கண்டறிய இயலாது.

ஒரு வேளைச் சோற்றால் தீங்கு நேராது. பல ஆண்டுகள் தொடர்ந்து உடலில் சேரும்போதுதான் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. கைக்குழந்தைகள் தம் உடல் எடையோடு ஒப்பிட நம்மைவிட அதிகம் உண்பவர்கள். கோதுமை ஒவ்வாத நோயாளிகளோ மூன்று வேளையும் அரிசியையே நம்பியிருப்பவர்கள். இவ்விரு சாராரும் சமைக்கும் முறையில் கருத்துச் செலுத்துவது நல்லது.

முதலில் கழுவுதல். அரிசியை அகன்ற பாத்திரத்தில் இட்டு, விரல்களால் மெல்ல அலசி, நீர் ஏறக்குறையத் தெளியும் வரை மூன்று நான்கு முறை மாற்றவேண்டும். இதன் பயன் அரிசிக்கு அரிசி மாறுபடும். பாசுமதி அரிசியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீங்கியது. எனவே கழுவுவதோடு நின்றுவிடலாகாது.

பெரும் பயன் வடிப்பதில் உள்ளது. ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர் நீரைக் கொதிக்கவிட்டு, அரிசியை இட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவிடுக. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, நடுவில் வெண்புள்ளி மறைந்ததும் உடனே வடித்துவிடுக. வடிக்கத் தாமதித்தால், வெளியேறவேண்டிய நீரைச் சோறே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். மேற்கு வங்கத்தில் 2006-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, நன்கு கழுவி ஆறு மடங்கு நீரில் வடிக்கும் பழைய முறையால் 57 விழுக்காடு வரை ஆர்சனிக் நீங்குவதைக் காட்டியது. கழுவாமல், ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு நீரில் முழுவதும் வற்றவிட்டால் எதுவும் குறையவில்லை. நம் குக்கர்ச் சோறு இவ்வகையே.

வடிக்க நேரமில்லாதோர் வேறொரு வழியைக் கையாளலாம். நான்கு டம்ளர் கொதிநீரில் ஒரு டம்ளர் அரிசியை ஐந்து நிமிடம் மட்டும் வேகவைத்து, அந்நீரை முழுவதும் கொட்டிவிடுக. பின்னர் இரண்டு டம்ளர் புதிய நீர் விட்டு, மூடிச் சிறுதீயில் வேகவிடுக. இம்முறையால் வெள்ளை அரிசியிலிருந்து பாதிக்கு மேலான தீய ஆர்சனிக் நீங்குவதாக இங்கிலாந்து ஆய்வு ஒன்று கண்டறிந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நீரோடு தயமின் போன்ற வைட்டமின்களும் போய்விடுகின்றன. புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே அவை பருக்கையின் உட்புறம் சென்றுவிடுவதால் இழப்பு குறைவு; பச்சரிசியில் மிகுதி. பருப்பும் முட்டையும் போதிய அளவு உண்ணும் வீட்டில் இது பெரிதல்ல. நாள்பட்ட மதுப்பழக்கம் உடையோர், சரிவர உண்ண இயலாதோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க.

இன்னொன்று: நீரே மாசுற்றிருந்தால் இம்முறை எதிர்மாறாகிவிடும். வங்காளத்தின் ஆழமற்ற குழாய்க்கிணற்று நீரில் ஆர்சனிக் மிகுதியாக உள்ள ஊர்களில், வேகும் சோறு நீரிலிருந்தே அதை ஏற்றுக்கொள்கிறது. கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஐயமுள்ள கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்தறிக. உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

அந்தத் தாயாரிடம் அரிசியை அறவே நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. வடித்த சோற்றையே பருப்புடன் குழைய மசித்துக் குழந்தைக்கு ஊட்டலாம். கஞ்சி வேண்டுமாயின் கேழ்வரகில் காய்ச்சலாம். வடிநீரை என்ன செய்வது என்று கேட்டார். அவருடைய மாமியார் அதைப் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடப் பயன்படுத்துவாராம். அது மிகவும் பொருத்தம் என்றேன்.