எட்டு மணி நேரம் என்று எழுதாதீர்கள்

1955-இல் ரே கிராக், சிகாகோவை அடுத்த டெஸ் பிளெய்ன்ஸில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் போட்ட உருளைக்கிழங்கு வறுவல் அவரை மயக்கியிருந்தது. அவர்கள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டவர், அதே வகைக் கிழங்கை வாங்கி, அதே மாதிரி நறுக்கி, அலசி, பொரித்தார். வறுவல் குழைந்து சப்பென்று வந்தது. சகோதரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் காரணம் தெரியவில்லை.

விஷயம் கடைக்குப் பின்னால் இருந்தது. சான் பெர்னார்டினோவில் கிழங்கைக் கம்பிவலை அடித்த தொட்டிகளில் திறந்தவெளியில் கொட்டி வைத்திருந்தார்கள். பாலைவனக் காற்று பட்டுப்பட்டுக் கிழங்கு உலர்ந்தது. அதிலிருந்த சர்க்கரை மாவுச்சத்தாக மாறியது. அது தங்கள் பக்குவத்தின் ஒரு பகுதி என்று சகோதரர்களுக்கே தெரியாததால் யாருக்கும் சொல்லவில்லை. கிராக் தன் கடையின் நிலவறையில் மின்விசிறி வைத்துக் கிழங்கை உலர்த்திய பிறகுதான் வறுவல் சரியாக வந்தது.

கிளைகளுக்கான செயல்முறைக் கையேட்டை எழுத உட்காருபவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மாஸ்டர் வாயால் சொல்வது பாதிதான். அவர் கை செய்வதும், அந்த இடத்தின் காற்றும் தண்ணீரும் செய்வதும் மீதிப் பாதி.

நம் ஊர் டிபன் கடை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். தலைமைக் கடை கோவையில். பெயர் வந்துவிட்டது, சென்னையிலும் ஊட்டியிலும் கிளை போடுகிறார்கள். கோவை மாஸ்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுகிறார்கள்: இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, நன்றாக ஆட்டவும், 8 மணி நேரம் புளிக்க வைக்கவும். இரண்டு கிளைகளும் தாளில் உள்ளபடியே செய்கின்றன. மே மாதச் சென்னையில் மாவு ஆறேழு மணி நேரத்திலேயே பொங்கி, எட்டாவது மணியில் புளித்து இறங்கிவிடுகிறது. இட்லி தட்டையாகவும் புளிப்பாகவும் வருகிறது. டிசம்பர் ஊட்டியில் அதே எட்டு மணி நேரத்தில் மாவு அசைந்திருக்காது; இட்லி கல். தவறு சமையல்காரர்கள் மேல் இல்லை, தாளின் மேல்.

மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு மணி தெரியாது, வெப்பம்தான் தெரியும். ஆகவே தாளில் மணிக்குப் பதிலாக அடையாளத்தை எழுத வேண்டும். பக்கவாட்டில் சரிவில்லாத, நேரான பாத்திரம் ஒன்றை எல்லாக் கிளைக்கும் ஒரே அளவில் வாங்குங்கள். ஆட்டிய மாவு எதுவரை இருக்க வேண்டும் என்று ஒரு கோடு. கோவை மாஸ்டர் ‘இப்போ சரி’ என்று சொல்லும் நேரத்தில் மாவு ஏறி நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. ஒரு வாரம் தினமும் பார்த்து, மேல்கோடு எங்கே விழுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளலாம். பிறகு கையேட்டு வாசகம் இப்படி ஆகிறது: ‘5 மணி நேரம் கழிந்ததும், அதன்பின் அரை மணிக்கு ஒரு தடவையும் பார். மேல்கோட்டைத் தொட்டதும் குளிர்பெட்டிக்கு மாற்று.’ ஊட்டிக்கு முதல் பார்வை நேரம் மட்டும் மாறும், கோடு மாறாது.

மெக்டொனால்ட்ஸும் இதே இடத்தில் இடறித்தான் கற்றது. பொரிக்க இத்தனை நிமிடம் என்று வைத்தால், கிழங்கு போட்டதும் எண்ணெய்ச் சூடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு இறங்கியது. லூயிஸ் மார்ட்டினோ என்பவர் உட்கார்ந்து அளந்து பார்த்தார். எவ்வளவு இறங்கினாலும், அந்த அடிமட்டத்திலிருந்து சூடு 3 பாரன்ஹீட் டிகிரி ஏறும்போது வறுவல் சரியாக வெந்திருந்தது. அதை உணர்ந்து மணியடிக்கும் கருவியை அடுப்பிலேயே பொருத்தினார்கள். பிரெட் டர்னர் 1958-இல் எழுதிய 75 பக்கக் கையேடுதான் இன்று தொழில் உலகில் பேசப்படுகிறது. எனக்கென்னவோ இந்த 3 டிகிரிதான் பெரிதாகப் படுகிறது.

மீண்டும் மாவுக்கு. ‘நன்றாக ஆட்டவும்’ என்பதில் எவ்வளவு நன்றாக? உளுந்து மாவில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்று எழுதினால், புதுப் பையனும் மாஸ்டரும் ஒரே பதில் சொல்வார்கள். கோவை மாஸ்டர் ஆட்டும்போது குளிர்ந்த தண்ணீர் தெளிக்கிறாரா? கல் உரசி மாவு சூடாகாமல் இருக்க அவர் கை பழக்கத்தில் செய்வது அது. கேட்டால் சொல்ல மாட்டார், பார்த்தால்தான் தெரியும். அதனால் தாளை எழுத மாஸ்டரை உட்கார வைக்காதீர்கள். இட்லி போடத் தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று எழுதட்டும். தெரிந்தவர் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணில் படும்.

எழுதியதைச் சோதிக்க நேரான வழி உண்டு. சமையலறைக்கே புதியவரிடம் தாளைக் கொடுத்து, வாய் திறக்காமல் தள்ளி நில்லுங்கள். அவர் கேள்வி கேட்கும் ஒவ்வொரு இடமும் தாளில் ஓட்டை. கேட்காமல் தானாக ஊகித்துச் செய்யும் இடம் அதைவிட மோசம். இன்று பல சமையலறைகளில் வேலை செய்பவர்கள் ஒடிசா, வங்காளம், பீகாரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ்த் தாள் சுவர் அலங்காரம்தான். கோட்டைத் தொட்ட மாவு, தாண்டிய மாவு, தொடாத மாவு என மூன்று புகைப்படங்களை ஒட்டினால் மொழி தேவைப்படாது.

பரிமாறும் பக்கத்திலும் இதே கதைதான். ‘வாடிக்கையாளரிடம் மரியாதையாக நடந்துகொள்ளவும்’ என்ற வரி இல்லாத கையேடு இல்லை. அதனால் எதுவும் நடந்ததும் இல்லை. கிளைக்கு வரும் இரண்டு மேற்பார்வையாளர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒரே மதிப்பெண் போட முடியாத வரியை அடித்துவிடலாம். அதற்குப் பதில்: ஆள் உட்காரும் முன் மேசை துடைத்திருக்க வேண்டும், உட்கார்ந்ததும் தண்ணீர், பிறகுதான் ‘என்ன சார் சாப்பிடுறீங்க?’

சாம்பார் உப்புக் கரிக்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? கிளைக்குக் கிளை தரம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான் தெரியும். ஒரு கிளையில் சப்ளையரே மாற்றிக் கொடுப்பார், இன்னொன்றில் முதலாளியிடம் ஓடுவார், மூன்றாவதில் ‘எல்லாரும் சாப்பிடுறாங்களே’ என்பார். தாளில் இருக்க வேண்டியது: வாதாடாமல் தட்டை எடு, புதிதாகக் கொடு, 200 ரூபாய் வரை யாரையும் கேட்க வேண்டாம், உடனே சமையலறையில் சொல், ஏனென்றால் அந்த அண்டாவிலிருந்து அடுத்த மேசைக்கும் போகும்.

எல்லாம் எழுதிய பிறகும் ஒரு கிளை மீறும். உடனே அபராதம் போடாமல் ஏன் என்று கேட்பது நல்லது. சின்சினாட்டியில் லூ க்ரோன் என்ற மெக்டொனால்ட்ஸ் கிளைக்காரருக்கு வெள்ளிக்கிழமைகளில் வியாபாரமே இல்லை. அப்பகுதிக் கத்தோலிக்கர்கள் அன்று இறைச்சி தொட மாட்டார்கள். 1962-இல் அவர் மீன் சாண்ட்விச் கொண்டுவந்தார். கிராக் முதலில் அதை விரும்பவில்லை. 1965-இல் அதுவே நாடு முழுவதும் எல்லாக் கிளைகளின் பட்டியலிலும் ஏறியது.

ஊட்டிக்காரர் மாவுப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறார் என்றால், அதுவும் அப்படி ஒரு மீறலாக இருக்கலாம். தலைமைக் கடை இரண்டு வாரம் பார்த்து, மாவு கோட்டைச் சரியாகத் தொடுகிறது என்றால் ஊட்டித் தாளில் சேர்க்க வேண்டும். தாளின் மூலையில் தேதியும், மாற்றியவர் கையெழுத்தும் இருக்கட்டும். புதுத் தாள் ஒட்டுபவரே பழையதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டும் சுவரில் இருந்தால், எது சுலபமோ அதைத்தான் செய்வார்கள்.