லஞ்சம் இருக்கிறதா, கொடுத்தீர்களா?

2014இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஊழல் அறிக்கையில் பிரிட்டனைப் பற்றி இரண்டு எண்கள் அருகருகே வருகின்றன. நாட்டில் ஊழல் பரவிக் கிடக்கிறது என்றவர்கள் 64 சதவீதம். லஞ்சம் கேட்கப்பட்டவர்கள், அல்லது தங்களிடம் எதிர்பார்க்கப்பட்டதாகச் சொன்னவர்கள், 1,115 பேரில் வெறும் 5 பேர்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முதல் கேள்வி எண்ணத்தைக் கேட்கிறது. இரண்டாவது அனுபவத்தைக் கேட்கிறது. நாடுகளை ஒப்பிடும் அரசியல் ஆய்வாளர்கள் நெடுங்காலம் முதல் வகையைத்தான் நம்பியிருந்தார்கள். ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிடும் பட்டியலும் வல்லுநர்கள், தொழில்துறையினர் ஆகியோரின் எண்ணத்தில் நிற்பதே.

அந்த எண்ணம் உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகும்? பெஞ்சமின் ஒல்கன் என்ற பொருளியலாளர் இந்தோனேசியாவின் ஜாவாவில், 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் இதைச் சோதித்தார். ஒவ்வொரு ஊரிலும் அரசுப் பணத்தில் ஒரு சாலை போடப்பட்டிருந்தது. பொறியாளர்கள் சாலையைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் போட்டிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். உள்ளூர் விலையையும் கூலியையும் விசாரித்து, கணக்கில் எழுதிய செலவோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக ஏறக்குறைய கால் பங்கு பணத்தைக் காணவில்லை.

ஊர்க்காரர்களிடமும் கேட்டார்கள். அவர்களுடைய சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது, கொஞ்சம்தான். காரணம் சுவையானது. விலையை ஏற்றி எழுதினால் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, மணல் என்ன விலை என்று தெரியாதவர் யார்? அளவை ஏற்றி எழுதினால் தெரிவதில்லை. சாலைக்கடியில் எத்தனை லோடு கிடக்கிறது என்று யார் எண்ணிப் பார்ப்பார்கள்? அதிகாரிகளும் பெரும்பாலும் அளவில்தான் கைவைத்திருந்தார்கள். இன்னொன்று: பல இனத்தவர் கலந்து வாழும் ஊர்களில் சந்தேகம் அதிகமாகவும், காணாமல்போன பணம் குறைவாகவும் இருந்தது. ஒருவரையொருவர் நம்பாத ஊரில் கண்காணிப்பும் கூடுமல்லவா?

அப்படியானால் அனுபவத்தையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சாலைக்காக எந்தக் கிராமத்தாரும் யாருக்கும் லஞ்சம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 'கொடுத்தீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். கால் பங்கு போனது எண்ணிக்கையில் வராது. அனுபவக் கேள்வி பிடிப்பது கவுண்டரில் கைமாறும் சில்லறை லஞ்சத்தைத்தான்.

அதிலும் எதால் வகுப்பது என்ற சிக்கல் உண்டு. ஓர் ஊரில் 1,000 பேரிடம் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஓராண்டில் அரசு அலுவலகம் போனவர்கள் 200 பேர். லஞ்சம் கொடுத்தவர்கள் 20 பேர். எல்லோரையும் வைத்து வகுத்தால் 2 சதவீதம், போனவர்களை மட்டும் வைத்தால் 10. இரண்டையும் ஆய்வறிக்கைகளில் காணலாம். அடிக்குறிப்பைப் பார்க்காமல் ஒப்பிட்டால் போச்சு. லஞ்சத்துக்குப் பயந்து அலுவலகப் பக்கமே போகாதவர்களோ இரண்டு கணக்கிலும் லஞ்சம் கொடுத்தவராக வரமாட்டார்கள்.