கணிப்பொறி அறைக்கு மின்கம்பி அமைத்தல்

பத்துக் கணிப்பொறிகள் உள்ள ஒரு பள்ளி அறையை எடுத்துக்கொள்வோம். திரையும் சேர்த்து ஒன்றுக்கு 200 வாட் எனக் கொண்டால் மொத்தம் 2,000 வாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். இதனை ஐந்தைந்தாக இரு சுற்றுகளில் பிரித்துவிட்டால், ஒன்றில் பழுது நேர்ந்தாலும் பாதி வகுப்பு தடையின்றி நடைபெறும். இரு பொறிகள் உள்ள மேசைக்கு நான்கு சாக்கெட்டுகளும் உபரியாக ஒன்றும் வேண்டும். யாவும் மூன்று துளை உள்ளவையாக இருத்தல் வேண்டும்.

பொறியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதா? பொறிக்குள் உள்ள மின்தேக்கிகள் எர்த் கம்பிவழியே சிறிதளவு மின்சாரத்தை எப்போதும் கசியவிடுகின்றன. அக்கம்பி அறுந்திருப்பின் பெட்டி ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். கசிவு மிகச் சிறிதாகையால் சுருக்கோடு போகிறது. ஆனால் உள்ளே மின்கம்பி பெட்டியில் பட்டுவிட்டாலோ, ஃபியூஸ் உருகாது; தொடும் மாணவனுக்கு உயிராபத்து.

ஆகவே, மின்பணியாளரைக் கொண்டு ஒவ்வொரு சாக்கெட்டையும் மீட்டரால் சோதிப்போம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காணவேண்டும். ஒரு மேசையில் மட்டும் பிழை தெரிந்தால் அங்குள்ள இணைப்பையும், எல்லா மேசைகளிலும் தெரிந்தால் எர்த் குழியிலிருந்து வரும் கம்பியையும் முதலில் ஆராய்வோமாக.