பீம் ஏன் மேலே வளைந்தது?

பாலிடெக்னிக்கில் படிக்கும் முன்னாள் மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்து நோட்டை நீட்டினான். "டீச்சர், பளு கீழ அழுத்துது, என் கணக்குல பீம் மேல வளையுது!" தொகையிடலில் பிழையே இல்லை. பிழை எல்லை நிபந்தனையில் இருந்தது.

கணக்கு இதுதான். 4 மீட்டர் நீள மரப் பீம், இரு முனையிலும் சும்மா தாங்கி மேல் உட்கார்ந்திருக்கிறது. மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சீரான பளு. அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் 250. மரத்தின் மீள்மை எண் E 12 GPa என்று எடுத்தால், EI = 1562.5 kN·m².

மேல்நோக்கிய நகர்வை நேர் என்று கொள்வோம். இடது முனையிலிருந்து x தூரத்தில் வளை திருப்புத்திறனை எழுதி, இரண்டு தடவை தொகையிட வேண்டும்:

```
EI y'' = wLx/2 - wx²/2
EI y'  = wLx²/4 - wx³/6 + C1
EI y   = wLx³/12 - wx⁴/24 + C1·x + C2
```

இரண்டாம் வரி சாய்வையும் அடுத்தது தொய்வையும் தருகிறது. மாறிலிகள் இரண்டு, ஆகவே நிபந்தனையும் இரண்டு வேண்டும். பையன் x = 0-இல் y = 0, y' = 0 என்று போட்டிருந்தான். அதனால் C1, C2 இரண்டுமே பூஜ்யம். நடுவில் 2.56 மில்லிமீட்டர் மேலே போகிறது. சரி, வலது முனையைப் பாருங்க: x = L போட்டால் 13.7 மில்லிமீட்டர்! தாங்கியை விட்டே பீம் எழும்பி நிற்குது. இந்த ஒரு சோதனையே தப்பைக் காட்டிக் கொடுத்துவிடும்.

முனையில் சாய்வு பூஜ்யம் என்பது சுவரில் பதித்த பீமுக்குத்தான். ஒரு மீட்டர் கோலை இரண்டு புத்தகங்கள் மேல் வைத்து நடுவில் அழுத்திப் பாருங்க. முனைகள் இறங்குவதில்லை, ஆனால் சாய்கின்றன. ஆக நமக்குத் தெரிந்தது y(0) = 0, y(L) = 0 மட்டுமே. முதலாவது C2 = 0 என்கிறது; இரண்டாவது C1 = -wL³/24 என்கிறது. இப்போ x = L/2 போட்டால்:

```
y = -5wL⁴/(384EI)
```

எண்களைப் போட்டால் 4.27 மில்லிமீட்டர், கீழ்நோக்கி. நடுவில் சாய்வையும் பார்த்துக்கலாம்: wL³/16 - wL³/48 - wL³/24, அதாவது பூஜ்யம். பளு சமச்சீராக இருப்பதால் அப்படித்தான் வரணும்.

அதனாலேயே நடுவில் தொய்வு மிக அதிகம். ஒரே பளுவை ஓரமாக வைத்தால் அதிகத் தொய்வு நடுவிலிருந்து பளு இருக்கும் பக்கம் கொஞ்சம் விலகிவிடும். அப்போது பளுவுக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டு சமன்பாடுகள், நான்கு மாறிலிகள் வரும். கூடுதல் இரண்டு நிபந்தனைகள் பளு நிற்கும் இடத்திலேயே கிடைக்கும்: அங்கே பீம் முறியவில்லை, ஆகவே இரு பக்கச் சமன்பாடும் ஒரே y, ஒரே y' தரணும்.