மூன்று இடங்களில் பார்த்த பிறகு சரிசெய்யுங்கள்

ஒரு மணி நேர விரிவுரை வீடியோவுக்கு சப்டைட்டில் போட்டிருப்பார்கள். முதல் சில நிமிடங்கள் பேச்சும் எழுத்தும் ஏறக்குறையச் சேர்ந்தே வரும். போகப் போக, ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போவது திரையில் வந்துவிடும். காது கேட்பவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். காது கேளாத மாணவருக்கோ பாடமே குழம்பிவிடும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டும்போது கீழே அடுத்த வரிக்கான விளக்கம் ஓடிக்கொண்டிருந்தால், எதை எதோடு சேர்த்துப் படிப்பது?

சப்டைட்டில் கோப்பு மிக எளிமையானது. பரவலாகப் புழங்கும் எஸ்.ஆர்.டி. வகைக் கோப்பை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வரிசை எண், தோன்றி மறையும் நேரம், பேச்சு, பிறகு ஒரு வெற்று வரி இருக்கும்.

```
12
00:00:40,000 --> 00:00:43,500
சோழர் கால ஏரிகளைப் பற்றி
இன்று பார்க்கப்போகிறோம்
```

காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். பேச்சைக் கேட்டு எழுதும்போது, பேசுபவர் மூச்சு விடும் இடத்தில், பொருள் முறியாமல் துண்டு போடுவது நல்லது. 'சப்டைட்டில் எடிட்' போன்ற இலவச மென்பொருள் ஒலியை அலைவடிவமாகக் காட்டும். பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்து நேரம் குறிக்கலாம்.

நேரம் பிசகினால் பலர் உடனே எல்லா வரிகளையும் ஒரு நொடி முன்னேயோ பின்னேயோ நகர்த்திப் பார்க்கிறார்கள். தொடக்கம் சரியாகும், முடிவு சரியாகாது. முடிவைச் சரிசெய்தால் தொடக்கம் கெடும். நகர்த்துவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்பேன். அதுவும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில்.

மேலே கண்ட வரியையே எடுத்துக்கொள்வோம். கோப்பில் அது 40ஆவது நொடியில் இருக்கிறது. வீடியோவில் அந்தப் பேச்சு 41.2 நொடியில்தான் கேட்கிறது. பிசகு 1.2 நொடி. முடிவுப் பகுதியில் 58 நிமிடம் 20 நொடி என்று குறித்த வரி 58 நிமிடம் 24.66 நொடியில் கேட்கிறது. அங்கே பிசகு 4.66 நொடி. கோப்பின் கணக்கில் இந்த இரண்டு வரிகளுக்கும் இடைவெளி 3,460 நொடி, வீடியோவில் 3,463.46 நொடி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.001 வருகிறது.

இந்த எண்ணைப் பார்த்ததும் சப்டைட்டில் வேலை தெரிந்தவர்களுக்குக் காரணம் பிடிபட்டுவிடும். அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதிமுறை வகுத்தபோது, வண்ணக் குறிகை ஒலியோடு மோதாமலிருக்க, நொடிக்கு 30 படச்சட்டம் என்றிருந்த வேகத்தை ஏறத்தாழ 29.97 ஆகக் குறைத்தார்கள். அந்த வேகம் இன்றும் எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. அதில் ஒருவகை நேரக்குறியீடு, 30 சட்டம் போனால் ஒரு நொடி என்றே எண்ணும். எனவே உண்மையில் ஒரு மணி நேரம் ஓடி முடியும்போது அந்தக் குறியீடு 59 நிமிடம் 56.4 நொடி என்றுதான் காட்டும். அதைப் பார்த்து நேரம் குறித்தவரின் வரிகள் மணிக்கு 3.6 நொடி முந்திக்கொள்ளும். தொடக்கத்திலேயே இருக்கும் ஒரு நொடிச் சொச்சம் வேறு கதை. பிறகு யாரோ முன்னால் ஒரு தலைப்புக் காட்சியைச் சேர்த்திருப்பார்கள்.

திருத்தும் முன் நடுவிலும் பார்க்க வேண்டும். பிசகு சீராக வளர்ந்திருந்தால், கோப்பில் 29 நிமிடம் 30 நொடியில் இருக்கும் வரி 29 நிமிடம் 32.93 நொடியில் கேட்க வேண்டும். அப்படியே கேட்டால் வேலை சுலபம். மென்பொருளில் Point sync என்ற வசதியில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் சரியான நேரத்தைக் கொடுத்தால், இடையிலுள்ளவற்றை அது அதே விகிதத்தில் இழுத்துக்கொள்ளும்.

நடுவிலும் பிசகு 1.2 நொடியாகவே இருந்தால் கதை மாறுகிறது. கோப்புக்கும் வீடியோவுக்கும் இடையில் யாரோ எதையோ வெட்டியோ ஒட்டியோ இருக்கிறார்கள். இந்தக் கோப்பை இழுத்தால் சரியாக இருந்த இடங்களும் கெடும். பிசகு எந்த வரியில் தாவுகிறது என்று பாதி பாதியாகத் தேடி, முதலில் எல்லா வரிகளையும் 1.2 நொடி பின்தள்ளி, தாவிய வரி முதல் மீதியை மட்டும் இன்னும் 3.46 நொடி பின்தள்ள வேண்டும்.

மூன்று அளவுகளும் எந்த ஒழுங்கிலும் அடங்காவிட்டால், விரிவுரையைக் கைப்பேசியில் எடுத்தார்களா என்று கேளுங்கள். வெளிச்சத்துக்கேற்பப் பல கைப்பேசிகள் படச்சட்ட வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்களுக்கு அது ஒத்துவராது. அங்கே கோப்பைத் திருத்திப் பயனில்லை. 'ஹேண்ட்பிரேக்' போன்ற மென்பொருளில் Constant Framerate என்பதைத் தேர்ந்து வீடியோவை ஒரே வேகத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பிரதியை வைத்தே நேரம் குறிக்கத் தொடங்க வேண்டும்.