10 நானோ செகண்ட் பள்ளம்!

கார்னா மேப் போட்டு, வட்டம் கட்டி, ஈக்வேஷனைச் சுருக்கி, பிரெட்போர்டில் மாட்டியாச்சு. ட்ரூத் டேபிள் முழுக்க கரெக்ட். ஆனா அவுட்புட்டை கவுன்ட்டரோட கிளாக்கில் கொடுத்தா, சில சமயம் ஒண்ணு கூடுதலா எண்ணுது. உடனே ஐ.சி.யைத் திட்டாதீங்க பாஸ், அது பாவம்!

2-க்கு-1 மல்டிபிளெக்ஸரையே எடுத்துக்குவோம்.

F = A·S + B·S'

A, B ரெண்டும் 1. இப்போ S எதுவா இருந்தாலும் F = 1 தானே? பேப்பரில் அப்படித்தான். S, 1-லிருந்து 0-க்கு மாறும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒவ்வொரு கேட்டுக்கும் 10 நானோ செகண்ட் தாமதம்னு வெச்சுக்கலாம்.

10-வது நானோ செகண்டில் A·S ஆண்ட் கேட் 0 ஆகிடும். அதே நேரத்தில்தான் இன்வர்ட்டர் S'-ஐ 1 ஆக்கும். அதனால B·S' கேட் 1 ஆக 20 ஆகிடும். நடுவில் ஆர் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் 0. விளைவு, 20-லிருந்து 30 வரைக்கும் F விழுந்து எழுந்திருக்கும். ஹாஸ்டலில் நைட் வாட்ச்மேன் வர்றதுக்குள்ள பகல் வாட்ச்மேன் கிளம்பிப் போன கதைதான்! இதுக்குப் பேரு ஸ்டாட்டிக்-1 ஹஸார்ட்.

S, 0-லிருந்து 1-க்குப் போனா இந்தப் பள்ளம் வராது. புது ஆள் வந்த பிறகுதான் பழைய ஆள் கிளம்புவார்.

கண்டுபிடிப்பது எப்படி?

எல்.இ.டி.யில் தெரியவே தெரியாது. A, B-யை 1-ல் கட்டி, S-க்கு ஸ்கொயர் வேவ் கொடுத்து, S இறங்கும்போது ஸ்கோப்பை டிரிக்கர் பண்ணுங்க. லேபில் இருக்கறது 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்னா ஏமாந்துடுவீங்க. 10 நானோ செகண்ட் பள்ளம் அதில் மழுங்கிப் போயிடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் கேட்டு வாங்குங்க.

மருந்து

மேப்பில் A·S ஒரு வட்டம், B·S' இன்னொரு வட்டம். ABS = 111, 110 ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம், ஆனா வேற வேற வட்டத்தில் இருக்கு. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் தடுக்கி விழுது. ரெண்டையும் சேர்த்து மூணாவது வட்டம் போடுங்க.

F = A·S + B·S' + A·B

A·B-யில் S கிடையாது. S எப்படி ஆடினாலும் அது 1-லேயே நிக்கும், F-ம் விழாது. எக்ஸாமில் இதை எழுதினா 'தேவையில்லாத டெர்ம்'னு மார்க் குறைப்பாங்க. ட்ரூத் டேபிளுக்கு நிஜமாவே தேவையில்லை. சர்க்யூட்டுக்குத்தான் தேவை!

ரெண்டு எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒரு இன்புட் மாறினாத்தான் இந்த மருந்து வேலை செய்யும். A-யும் B-யும் சேர்ந்து மாறினா கேரன்ட்டி இல்லை. அப்புறம், அவுட்புட் போறது ஃபிளிப்ஃபிளாப்பின் D பின்னுக்கு, கிளாக் எட்ஜுக்கு முன்னாடியே அது செட்டில் ஆகிடுதுன்னா, பள்ளத்தை விட்டுத் தள்ளுங்க. கிளாக், ரீசெட் பின்னுக்குப் போகுதுன்னா மட்டும் அந்த மூணாவது ஆண்ட் கேட்டுக்கு இடம் ஒதுக்குங்க.